ஒரு கை தூரத்தில் ரோலண்ட்

ஆர்வோ கெஸ்டியை நாற்காலியிலிருந்து எழுப்பி நிறுத்த அந்த முதியோர் இல்லத்தில் ஒரே ஓர் ஆளால்தான் முடிந்தது. மற்றவர்கள் இரண்டு பேராகப் போய் இழுப்பார்கள். கிழவர் மரம்போல விறைத்துக்கொண்டு கத்துவார். அவருக்கு வயது எண்பத்து நான்கு. நாற்பது வருடம் காட்டில் மரம் வெட்டியவர். இப்போது நடுக்கமும் விறைப்பும், கூடவே மறதி. மனசு எழுந்திரு என்று சொன்னாலும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் நோய் அது. இழுக்க இழுக்க இன்னும் ஒட்டும்.

ரோலண்ட் நீமி இழுக்க மாட்டான். முதலில் சக்கர நாற்காலிக்குப் பிரேக் போடுவான். கிழவரின் இடுப்பில் அகலப் பட்டையைக் கட்டி, இரண்டு விரல் உள்ளே நுழைகிறதா என்று பார்ப்பான். பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பான். பிறகு நெருங்கி வந்து, தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, முதுகுப்பக்கம் பட்டையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, இடமும் வலமுமாக மெல்ல அசைவான். தோளிலிருந்து அல்ல, இடுப்பிலிருந்து. நாலு அசைவு, ஐந்து அசைவு. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும்போது ஒட்டின கால் விடுபடும். கிழவர் எழுந்து நிற்பார். அப்படியே அவன் பாதத்தைத் திருப்பினால் அவரும் கூடவே திரும்புவார். கட்டிலோ கழிப்பறையோ, உட்கார்ந்த பிறகுதான் தாம் நகர்ந்ததே அவருக்குத் தெரியும்.

இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பயிற்சிப் புத்தகத்தில் பட்டை, பிரேக், பாதம் எல்லாம் இருந்தன. அந்த அசைவு மட்டும் அவனுடைய சொந்த நடையிலிருந்து வந்தது. ஊரில் சின்ன வயதிலிருந்து அந்த நடைக்காகத்தான் அவனைக் கேலி செய்தார்கள்.

அமெரிக்காவின் வடக்கில், சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் செம்புச் சுரங்கம் மூடிப்போன சின்ன ஊர் அது. ரோலண்டுக்கு நாற்பத்தாறு வயது. கண்ணின் கீழ் இமையில் மெல்லிய கோடாக மை இழுப்பான். உதட்டுக்கு மங்கலான ரோஜா நிறம். இரண்டு காதிலும் ஒட்டிய பொட்டுத் தோடு. விடுமுறை நாளில் இடது கையில் மூன்று வெள்ளி வளையல் போடுவான். வேலை நாளில் அவற்றைக் காரிலேயே கழற்றி வைத்துவிடுவான். முதியவர்களின் தோல் காகிதம் மாதிரி, வளையல் விளிம்பு பட்டால் கிழிந்துவிடும். கழுத்தில் சங்கிலி போடமாட்டான். மறதி வந்தவர்கள் பிடித்து இழுப்பார்கள். நகத்துக்குச் சாயமும் கிடையாது. அது உதிர்ந்து கிருமி சேரும். இந்த விதிகள் நியாயமானவை என்று அவனே புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லுவான். பதினேழு வருட வேலையில் அவன் மேல் ஒரு புகார்கூட எழுதப்பட்டதில்லை.

கேலி எழுதப்படுவதில்லை. அது தினமும் காப்பி மாதிரி, இருந்துகொண்டே இருக்கும்.

"என்ன மகாராணி, இன்னைக்கு உதட்டுல என்ன கலரு?" என்பான் சமையற்காரன் கேரி, காலைத் தட்டுகளைத் தள்ளிக்கொண்டே.

"உன் சூப்புக் கலருதான். அதான் ஒண்ணுமே தெரியல" என்பான் ரோலண்ட்.

கேரி சிரிப்பான். ரோலண்டும் சிரிப்பான். பெட்ரோல் பங்கில் விசிலடிப்பார்கள். மதுக்கடையில் யாராவது அவன் நடையை நடந்து காட்டுவார்கள். அவனே திரும்பிப் பார்த்து, "இடுப்பு போதாது, இன்னும் கொஞ்சம் பழகு" என்பான். நாமும் சேர்ந்து சிரித்துவிட்டால் அதற்கு மேல் போகாது என்பது அவன் கணக்கு. முப்பது வருடம் அந்தக் கணக்கு சரியாகத்தான் வந்தது.

அவனுக்கு லோரி என்று ஒரு மனைவி இருந்தாள். பதினொரு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவள் தெற்கே பெரிய ஊருக்குப் போகவேண்டும் என்றாள், இவன் ஏரியை விட்டு வரமாட்டேன் என்றான், பிரிந்தார்கள். மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவனுக்கு மை வாங்கித் தந்ததே அவள்தான். ஆனால் ஊர் அப்படிச் சொல்லவில்லை. "அதான் அவ ஓடிட்டா" என்றது.

ஆர்வோ மட்டும் வேறு மாதிரி. ஒருநாள் ரோலண்டின் காதையே உற்றுப் பார்த்துவிட்டு, "டேய், காதுல தூண்டில் முள்ளு மாட்டியிருக்கு, எடுத்துவிடட்டுமா?" என்றார்.

"வேண்டாம் பெரியவரே, மீன் சிக்குதான்னு பார்க்கிறேன்."

"இந்த ஊர்ல ஒண்ணும் சிக்காது" என்றார் கிழவர், தீவிரமாக.

அந்த வருட நவம்பரில், மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின வாரம், ஆர்வோவின் மகன் டேல் அப்பாவைப் பார்க்க வந்தான். டேலுக்கு ஐம்பது வயது. பனிச்சறுக்கு வண்டிகளைப் பழுது பார்ப்பான். குளிர்காலத்தில் பாதி ஊரின் வீட்டு வாசல்களில் பனியைத் தள்ளுவதும் அவன்தான். கதவைத் திறந்தபோது உள்ளே ரோலண்ட் கிழவரைக் கழிப்பறைக்குக் கொண்டுபோக எழுப்பிக்கொண்டிருந்தான். இருவரும் ஒட்டி நின்று இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிழவர் கண்ணை மூடி, தாடையை ரோலண்டின் தோளில் வைத்திருந்தார். டேல் கைப்பேசியை எடுத்துப் பதினைந்து நொடி படம் பிடித்தான்.

அன்று சாயந்திரம் ஊர் முழுக்க அந்தப் படம் ஓடியது. 'எங்கப்பாவும் இளவரசியும்' என்று எழுதியிருந்தான். முதலில் டேலும் சிரிப்பாகத்தான் போட்டான். அதன் கீழே ஆட்கள் எழுத எழுதச் சிரிப்பு திசை மாறியது. 'உங்கப்பன் மேல உரசிட்டு நிக்கிறான், நீ சும்மா இருக்கே?' என்று ஒருவன் எழுதினான். 'அவன்தான் உங்கப்பாவைக் குளிப்பாட்டுறானாமே' என்று இன்னொருவன். தன் கேலியே தன் பக்கம் திரும்பினதும் டேலுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. படத்தை அழித்துவிட்டான். மனதில் இருந்ததை அழிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு ரோலண்டுக்கு விடுமுறை. திங்கள் காலை ஆர்வோவுக்கு உடம்பு துடைக்கும்போது அவன் அதைப் பார்த்தான். இடது மேற்கையில், உட்பக்கம், நாலு நீலக் கன்றல் வரிசையாக, வெளிப்பக்கம் ஒன்று. விரல் பதிந்த தடம். கிழவர் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். லேசாக அழுத்தினாலே நீலம் பாயும். இது லேசாக அழுத்தினது இல்லை.

ரோலண்ட் துடைப்பதை நிறுத்திவிட்டு நேரே செவிலியர் தலைவி பெவர்லி லாஷான்ஸிடம் போனான். "ஆர்வோ கையில தடம் இருக்கு. யாரோ மேற்கையைப் பிடிச்சு இழுத்திருக்காங்க. சனிக்கிழமை நான் போறப்ப இல்ல." படிவத்தை அவனே நிரப்பினான். கன்றலின் நீளத்தை அளந்து எழுதினான். சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்தான். இந்தத் தொழிலில் முதலில் சொல்கிறவன் மேல்தான் முதல் கண் விழும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

பெவர்லி டேலுக்குத் தொலைபேசியில் சொன்னாள். டேல் கேட்டது ஒரே கேள்வி. "அப்பாவைக் கழுவுறது யாரு?"

மதியத்துக்குள் ரோலண்டை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அதுவும் சட்டப்படிதான். யார் மேல் சந்தேகமோ அவரை விலக்கிவிட்டு விசாரிக்கவேண்டும், மாநில அரசுக்குத் தெரிவிக்கவேண்டும். அரசு ஆள் அனுப்பும். அந்த ஆள் 'துன்புறுத்தல் உறுதி' என்று எழுதிவிட்டால், உதவியாளர் பதிவேட்டில் பெயருக்கு நேரே அது ஏறும். ஏறினால் நாட்டில் எந்த இல்லமும் மருத்துவமனையும் அவனை வேலைக்கு வைக்க முடியாது, சாகும்வரை. ரோலண்டுக்கு வேறு தொழில் தெரியாது.

"பயப்படாதே, ஒரு வாரத்துல முடிஞ்சிடும்" என்றாள் பெவர்லி. அவன் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னாள். அவளும் கண்ணுக்கு மை போட்டிருந்தாள், அவனுடையதைவிடத் தடிப்பாக.

கோனி மாட்டிலா அறுபத்தொரு வயது உதவியாளர். ரோலண்டோடு பதினைந்து வருடம் ஒரே நடைவழியில் படுக்கை மாற்றியவள். அவள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். கேரி சமையலறைப் பின்வாசலில் புகைத்துக்கொண்டிருந்தவன், நாலாவது தடவை கேட்டபோது சொன்னான்.

"டேல் வந்தான். மான் அடிச்சிருந்தான், பத்துக் கிளைக் கொம்பு. வண்டியில கிடந்துச்சு. அப்பாவுக்குக் காட்டணும்னு நாற்காலியோட தள்ளிட்டு வந்தான். உட்கார்ந்த இடத்திலேருந்து தெரியல. அதனால எழுப்பினான்."

"எப்படி எழுப்பினான்?"

"எப்படின்னா? கையைப் பிடிச்சுத்தான். கிழவர் விறைச்சுக்கிட்டாரு. ஓங்கி ஒரு இழுப்பு. கெட்ட எண்ணம் ஒண்ணுமில்ல, கோனி. அப்பாவுக்கு மான் காட்டினான், அவ்வளவுதான்."

"இதை அந்த அரசாங்க ஆள்கிட்ட சொல்லு."

கேரி சிகரெட்டைப் பனியில் அமுக்கினான். "என் வீட்டு வாசல்ல பனி தள்ளுறது டேல்தான். என் அம்மாவுக்கும் அவன்தான். அதுகூடப் பரவாயில்ல. நான் ரோலிக்காகப் போய் நின்னா நாளைக்குக் கடையில என்ன சொல்லுவாங்க தெரியுமா? கேரிக்கும் ரோலிக்கும் என்னமோ இருக்குன்னு சொல்லுவாங்க."

"சொன்னா என்ன?"

"உனக்கு என்ன, நீ பொம்பளை."

கோனி வற்புறுத்திப் பார்த்தாள். அரசு ஆள் கேட்டபோது, தான் அன்று ஒன்றும் பார்க்கவில்லை என்று கேரி சொல்லிவிட்டான். கோனி தான் கேள்விப்பட்டதைச் சொன்னாள். பார்த்தவர் இல்லையென்றால் கேள்விப்பட்டது நிற்காது.

ரோலண்டை விசாரிப்பதற்கு முந்தின நாள் கோனி அவன் வீட்டுக்கு இறைச்சி அடை செய்து எடுத்துக்கொண்டு போனாள். அவன் சாப்பிடவில்லை. அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ரோலி, கோவிச்சுக்காதே. நாளைக்கு மை வேண்டாம்டா. தோடும் வேண்டாம். அந்த ஆள் யாரையாவது தூக்கி உட்கார வைன்னு சொல்லுவான், செஞ்சு காட்டச் சொல்லுவான். அப்ப கொஞ்சம்... நேரா நில்லு."

"நேரான்னா?"

"அதான். ஆம்பளை மாதிரி."

"நான் ஆம்பளைதானே, கோனி?"

"எனக்குத் தெரியும்டா. அவனுக்குத் தெரியணும்ல."

ரோலண்ட் அடைத் தட்டை ஓரமாகத் தள்ளினான். அவனுடைய அப்பா எய்னர் அவனுக்கு ஒன்பது வயதில் இதே வேலையைத் தொடங்கினார். படகுத்துறைப் பலகையில், இரண்டு கையிலும் நிரம்பின வாளியோடு நடக்கச் சொல்வார். தண்ணீர் சிந்தினால் திரும்ப முதலிலிருந்து. 'இடுப்பு ஆடாம இருந்தா சிந்தாது' என்பார். ஒரு கோடை முழுக்க நடந்தான். சிந்தாமல் நடக்கக் கற்றுக்கொண்டான். வாளி இறக்கிய மறுநிமிஷம் பழைய நடை திரும்ப வந்துவிடும். அப்பா அடித்ததில்லை. அவன் நடந்துவருவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாகும்வரை அப்படித்தான் இருந்தார்.

"சரி, அழிச்சிடறேன்" என்றான் ரோலண்ட்.

அரசு விசாரணையாளர் பெயர் பிராட். மெலிந்த, மரியாதையான மனிதர். கேலி செய்யவில்லை, குரலை உயர்த்தவில்லை. ரோலண்ட் வெறும் முகத்தோடு, காதில் வெறும் துளையோடு, தேவாலயத்துக்குப் போடும் சட்டையோடு எதிரே உட்கார்ந்தான். கன்றலைப் பற்றி ஆறு கேள்வி. பிறகு மற்றவை.

"நீங்க வழக்கமா ஒப்பனையோடதான் வேலைக்கு வருவீங்கன்னு சொன்னாங்க. இன்னைக்கு இல்லையே?"

"இன்னைக்குப் போடல."

"ஏன் போடல?"

போட்டால் ஏன் போட்டாய் என்பார்கள், போடாவிட்டால் ஏன் மறைக்கிறாய் என்பார்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"குடும்பத்தினர் சங்கடப்படுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? நெருக்கமான உடல் பராமரிப்பு செய்யுறீங்க."

"பெரியவர் சங்கடப்படல."

"அவர் சொல்லக்கூடிய நிலைமையில இல்ல." பிராட் குறித்துக்கொண்டார். பிறகு கைப்பேசியை மேசையில் வைத்து அந்தப் பதினைந்து நொடிப் படத்தை ஓடவிட்டார். டேல் அழிக்கும் முன்பே யாரோ பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். "இதுதான் நீங்க அவரை எழுப்புற முறையா?"

அந்தப் படத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் அதில் இருந்தது. பிரேக் போட்டிருந்தது. பட்டை சரியான உயரத்தில் இருந்தது. கை பட்டையில் இருந்தது. மேற்கையில் ஒரு விரல்கூடப் படவில்லை. கிழவரின் பாதம் பதிந்திருந்தது, முகம் தளர்ந்திருந்தது. ஆம் என்று சொல்லியிருந்தால் போதும். அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி அந்தக் கேலிப் படம்தான்.

ரோலண்ட் அதைச் சாட்சியாகப் பார்க்கவில்லை. ஊர் பார்த்த மாதிரி பார்த்தான். பெரிய இடுப்பு, ஆட்டம், கீழே எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் அவன் கண்முன் வந்தது. காது மடல் சூடாகிவிட்டது.

"இல்ல. அது சும்மா, விளையாட்டுக்கு. அன்னைக்கு மட்டும். வழக்கமா அப்படிச் செய்யமாட்டேன்" என்றான்.

பிராட் அதையும் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு செய்து காட்டச் சொன்னார்கள். காலி அறையில் ஒரு கட்டில், ஒரு சக்கர நாற்காலி. ஆர்வோவாக பெவர்லி உட்கார்ந்தாள். விறைப்பாக இருக்கவேண்டும், தானாக எழக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆர்வோவை விட அவள் எடை குறைவு.

ரோலண்ட் பிரேக் போட்டான். பட்டை கட்டினான். பாதம் பார்த்தான். அதுவரை கை தானாக வேலை செய்தது. நெருங்கவேண்டிய இடத்தில் நின்றுவிட்டான்.

'உரசிட்டு நிக்கிறான்' என்ற சொல் அவனுக்கும் அவளுக்கும் நடுவே நின்றது. கால் முன்னே போகவில்லை. ஒரு கை தூரத்திலிருந்தே குனிந்து, கையை நீட்டிப் பட்டையைப் பிடித்தான். முழங்கால் முட்டு இல்லை. அசைவு இல்லை. இடுப்பை இறுக்கி, முதுகை நேராக வைத்து, மற்ற ஆண்கள் சாமான் தூக்குவதுபோல ஒரேயடியாகத் தூக்கினான்.

தூரத்தில் வைத்துத் தூக்கினால் எடை இரண்டு மடங்கு. பயிற்சியின் முதல் நாள் பாடம் அது. பெவர்லி பாதி எழுந்தாள், முழங்கால் மடிந்தது, பக்கவாட்டில் சரிந்தாள். விழுகிறவரை எப்படிப் பிடிப்பது என்றும் அவனுக்குத் தெரியும்: பட்டையோடு தன் உடம்பின் மேல் சாய்த்து, தொடை வழியாக மெல்லத் தரையில் இறக்கவேண்டும். உடம்பை அவன் தூரத்தில் வைத்திருந்தான். கைதான் இருந்தது. அதனால் கை போயிற்று. அவளுடைய இடது மேற்கையை இறுக்கிப் பிடித்து இழுத்தான்.

"ஆ" என்றாள் பெவர்லி.

விழவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சட்டைக்கையை மேலே தள்ளிப் பார்த்தாள். நாலு சிவப்புத் தடம் உட்பக்கம், ஒன்று வெளிப்பக்கம்.

பிராட் பையிலிருந்து அளவுகோல் எடுத்தார்.

பெவர்லிக்குத் தெரியும். பதினேழு வருடத்தில் ரோலண்ட் அப்படித் தூக்கி அவள் பார்த்ததில்லை. அதைச் சொல்லவும் சொன்னாள்: "வழக்கமா இவர் இப்படிச் செய்யமாட்டார்." பிராட் நிமிர்ந்து, "வழக்கமா எப்படிச் செய்வார்?" என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். அந்த அசைவை எந்தச் சொல்லால் சொல்வது என்று தேடினாள். அவளும் அந்தப் படத்துக்குச் சிரித்தவள்தான். "இதைவிட நல்லா" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. துன்புறுத்தல் உறுதி. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு கேட்டால் நீதிபதி முன் விசாரணை உண்டு. கேட்காவிட்டால் பெயர் பதிவேட்டில் ஏறும்.

இலவசச் சட்ட உதவியில் ஒரு பெண் வக்கீல் கிடைத்தாள். அவள் சுருக்கமாகச் சொன்னாள். படம் நல்ல சாட்சி. ஆனால் அது விளையாட்டு என்று இவனே கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதை மாற்ற ஒரே வழி, நீதிபதி முன்னால் திரும்பச் செய்துகாட்டுவது. தன் முறை அதுதான், வெட்கப்பட்டு மாற்றிச் சொன்னேன் என்று சொல்லி, படத்தில் இருப்பதுபோல அச்சு அசலாகச் செய்யவேண்டும். ஒரு மருத்துவப் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று ஏன் அது சரி என்று விளக்குவார். "உங்களால முடியுமா?" என்றாள்.

"தினமும் பன்னிரண்டு தடவை செஞ்சிருக்கேன்" என்றான் ரோலண்ட்.

கோனி வீட்டுச் சமையலறையில் பழகினார்கள். மேசையை ஓரமாகத் தள்ளி, இரும்பு நாற்காலியில் கோனி விறைப்பாக உட்காருவாள். அவன் கண்ணில் மையும் காதில் தோடும் திரும்ப வந்திருந்தன. முதல் நாள் சரியாக வரவில்லை. நெருங்கினான், அசைந்தான், அசைந்துகொண்டிருக்கும்போதே தன் இடுப்பைத் தானே பார்த்தான். பார்த்ததும் தாளம் தப்பியது.

"எங்கே பார்க்கிறே? என்னைப் பாரு" என்றாள் கோனி.

"உன்னைத்தான் பார்க்கிறேன்."

"இல்ல. நீ அந்தப் படத்தைப் பார்க்கிறே."

நாலாம் நாள் வந்துவிட்டது. இரண்டு அசைவு, மூன்று அசைவு, கோனி எழுந்துவிட்டாள். திரும்பி உட்கார்ந்தாள். தான் எப்போது திரும்பினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மறுபடி செய்தார்கள், மறுபடி. ரோலண்ட் சிரித்தான். கடிதம் வந்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆறாவது தடவை, அவன் அவளை ஒட்டி நின்று அசைந்துகொண்டிருந்தபோது, பின்கதவு திறந்தது. கோனியின் மருமகன் டீன் முட்டைத் தட்டைக் கொடுக்க வந்திருந்தான். நல்ல பையன். ரோலண்டைப் பற்றி ஒருநாளும் தப்பாகப் பேசினதில்லை. கதவருகே நின்று பார்த்தான். அவ்வளவுதான் செய்தான்.

ரோலண்டின் உடம்பு கோனியின் கைக்குக் கீழே பலகையாக மாறியது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவன் ஒரு காலடி பின்னால் போனான். பட்டையை விட்டான். கை அவளுடைய மேற்கையைத் தேடிப் போய், பாதியில் நின்றது.

"முட்டை இங்க வச்சிடறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு டீன் போய்விட்டான்.

கோனி தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தாள். "திரும்பச் செய்."

"அங்க எத்தனை பேர் இருப்பாங்க?" என்றான் ரோலண்ட்.

"நீதிபதி, அந்த பிராட், வக்கீல் ரெண்டு பேர், எழுதுறவ ஒருத்தி. அந்தப் பயிற்சியாளர்."

"டேல்?"

"வருவான். வர உரிமை இருக்கு."

அவன் பட்டையைச் சுருட்டினான். இறுக்கமாக, ஒழுங்காக, வேலை முடிந்ததும் சுருட்டுவதுபோல. "ஏழு பேர்" என்றான்.

"கேரிகிட்ட இன்னொரு தடவை பேசறேன்."

"வேண்டாம். அவன் அம்மாவுக்கும் வாசல் பனியில அடைச்சிடும்."

கோனிக்குக் கோபம் வந்தது. கேரி மேலா, டேல் மேலா, 'நேரா நில்லு' என்று சொன்ன தன் மேலா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "ரோலி, நான்தான் உனக்கு அப்படிச் சொன்னேன். மை அழிக்கச் சொன்னதும் நான்தான்."

"நீ சொல்லாட்டியும் அழிச்சிருப்பேன்" என்றான் அவன். அது ஆறுதலுக்குச் சொன்னது இல்லை, உண்மை. அவளுக்கும் அது தெரிந்தது.

பிறகு அவன் ஆர்வோவைப் பற்றிக் கேட்டான். கோனி மறைக்கவில்லை. இப்போது இயந்திரத் தூக்கியால் தூக்குகிறார்கள். துணித் தொட்டிலில் போட்டு, சங்கிலியில் மாட்டி, அந்தரத்தில் கொண்டுபோய்க் கட்டிலில் இறக்குகிறார்கள். யார் கையும் படவேண்டியதில்லை. டேலுக்குத் திருப்தி.

"கத்துறாரா?"

"முதல்ல கத்தினாரு. இப்ப இல்ல."

"பாதம் தரையில படுதா? ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது?"

"இல்லடா."

ரோலண்ட் தலையசைத்தான். வாரக்கணக்கில் நிற்காவிட்டால் அந்தக் கால் என்ன ஆகும், குதிகாலில் எப்போது புண் வரும் என்பதெல்லாம் இரண்டு பேருக்கும் தெரியும்.

"கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வை. குதிகாலுக்கு இல்ல. குதிகால் அந்தரத்தில நிக்கணும்" என்றான்.

"வைக்கிறேன்."

"ராத்திரி ஷிப்டுல இருக்கறவங்ககிட்டயும் சொல்லு."

மேல்முறையீட்டுப் படிவம் மேசையில் கிடந்தது, முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில். இன்னும் நாலு நாள் இருந்தது. கோனி பேனாவை எடுத்து அதன் மேல் வைத்தாள். ரோலண்ட் கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தான் போட்டு, காதை மறைத்துத் தொப்பியை இழுத்துவிட்டான்.

"நெடுஞ்சாலை விடுதியில துணி வெளுக்க ஆள் கேட்டிருக்காங்க. கீழ்த்தளத்துல. நாளைக்கு வரச் சொன்னாங்க" என்றான்.

"அங்க உன்னை யாரு பார்ப்பாங்க?"

"யாரும் பார்க்கமாட்டாங்க" என்றான் ரோலண்ட். பேனாவைத் தொடாமல், கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனான். கோனி ஜன்னலிலிருந்து பார்த்தாள். கார்வரைக்கும் பனியில் நேராக, இடுப்பு அசையாமல் நடந்தான்; தெருவில் அப்போது ஒருவரும் இல்லை.